அக்காவுக்கு, நாலு கை வேலை பற்றி

மெல்போர்ன்,
ஜூலை மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே இப்போது குளிர்காலம். காலை ஏழு மணிக்கும் இருட்டாகத்தான் இருக்கிறது. அந்த இருட்டிலேயே டிராம் பிடித்து பல் கிளினிக்குக்குப் போகிறேன். நம் ஊர் வெயில் ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும் என்று இருக்கிறது.

திருமங்கலத்தில் உங்கள் பல் டாக்டருக்குக் கழுத்து வலி, நாள் முழுக்க நின்று உனக்கு இடுப்பு வலி என்று போனில் சொன்னாய். உனக்கும் ஒரு ஸ்டூல் வாங்கப்போகிறார்கள், அதில் உட்கார்ந்து எப்படி வேலை செய்வது என்றும் கேட்டாய். போனில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அதனால்தான், டாக்டரும் உதவியாளரும் உட்கார்ந்தபடி நாலு கையாகச் சேர்ந்து செய்யும் இந்த வேலையைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் இடம். நோயாளியைப் படுக்கவைத்தபின் தலைக்கு மேல் பன்னிரண்டு மணி, காலுக்கு நேரே ஆறு மணி என்று ஒரு கடிகாரத்தை நினைத்துக்கொள். வலக்கை டாக்டர் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் உட்காருவார். நீ எதிர்ப்பக்கம், மூன்று மணியில். உன் கண் அவர் கண்ணைவிட 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் அவர் கைக்கு மேலாக வாய்க்குள் பார்க்க முடியும். ஸ்டூலில் கால் வைக்க வளையம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல். கால் தொங்கினால் இடுப்பு வலி அப்படியே இருக்கும்.

அடுத்து, கருவி கை மாறும் இடம். அது நோயாளியின் நெஞ்சுக்கு மேலே, தாடைக்குக் கீழே. முகத்துக்கு மேலாக எதையும் நீட்டவே கூடாது. தவறினால் கண்ணில் விழும்.

நேற்று ஓர் அம்மாவுக்குக் கீழ் வலது முதல் கடைவாய்ப்பல்லில் சொத்தை எடுத்தோம். டாக்டர் ஹேண்ட்பீஸை உள்ளே கொண்டுபோகும் முன்பே என் வலக்கை சக்‌ஷன் குழாயை நாக்குப் பக்கம் வைத்துவிட்டது. சக்‌ஷன் முதலில், ஹேண்ட்பீஸ் பிறகு. மாற்றிச் செய்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். குழாயின் சாய்ந்த வாய் பல்லோடு ஒட்டினாற்போல் நிற்க வேண்டும். நாக்கைக் கவ்விக்கொண்டால் சத்தம் சட்டென்று மாறும். உடனே லேசாகத் திருப்பிவிடு.

குடைந்து முடிந்ததும் எக்ஸ்ப்ளோரரால் தடவிப் பார்த்தார். அடியில் இன்னும் மெத்தென்று இருந்தது. அடுத்து எக்ஸ்கவேட்டர்தான் கேட்பார் என்று தெரியும். என் இடக்கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றுக்கும் இடையில் அது தயாராக இருந்தது. அவர் வாயே திறக்கவில்லை. மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றியபடியே கையை மட்டும் கொஞ்சம் வெளியே சாய்த்தார். அதுதான் சைகை. என் சுண்டுவிரல் போய் எக்ஸ்ப்ளோரரின் பின்முனையை வளைத்து உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டது. அதே வீச்சில் எக்ஸ்கவேட்டர் அவர் விரல்களுக்குள் போய்விட்டது. அவர் கண் பல்லைவிட்டு நகரவில்லை.

அப்பாவுக்குச் சித்தாள் கலவைச்சட்டி கொடுப்பதை நினைத்துப் பார். நிறைந்த சட்டி வரும்போதே காலிச் சட்டி போய்விடும். அப்பா கண் நூலிலேயே இருக்கும். நான் இங்கே கற்றது அதைத்தான்.

முதல் வாரம் எனக்கு இது வரவில்லை. இரண்டு கருவியையும் இணையாகப் பிடிக்காமல் குறுக்காக நீட்டிவிட்டேன். ஒன்றோடொன்று சிக்கி, எக்ஸ்கவேட்டர் நோயாளியின் நெஞ்சில் விழுந்தது. நல்லவேளை, முகத்தில் இல்லை. இன்னொரு நாள் கீழ்ப்பல்லுக்கு முனையை மேல்நோக்கிக் கொடுத்துவிட்டேன். கீழ்ப்பல்லுக்கு முனை கீழ்நோக்கி, மேல்பல்லுக்கு மேல்நோக்கி இருக்க வேண்டும். வாங்கிய கருவியை டாக்டர் விரலுக்குள் உருட்டித் திருப்பினாலோ, ட்ரே பக்கம் திரும்பிப் பார்த்தாலோ நாம் தவறாகக் கொடுத்தோம் என்று அர்த்தம். அவர் கழுத்து வலிக்கு அந்தத் திரும்பலும் ஒரு காரணம். ட்ரேயில் கருவிகளை எடுக்கும் வரிசைப்படியே அடுக்கிவை. தேடும் வேலை பாதி குறையும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேள். மரப்பு ஊசியை, போட்டு முடித்தபின் கையில் வாங்காதே. எங்கள் கிளினிக்கில் டாக்டரே அதை ட்ரேயில் வைத்து, ஒரே கையால் மூடியைக் கோரி எடுத்து மூடுவார். பிளேடும் அப்படித்தான், ட்ரேக்குத்தான் போகும். சுண்டுவிரல் வித்தை இவற்றுக்குக் கிடையாது.

இரவில் இரண்டு பென்சிலை வைத்துத் தம்பியோடு பழகு. ஒன்றைச் சுண்டுவிரலால் வாங்கு, மற்றதைக் கொடு. அவன் டிவியைப் பார்த்தபடியே கை நீட்டட்டும். நான் அறைத்தோழியோடு பத்து நாள் அப்படித்தான் பழகினேன். உங்கள் டாக்டர் இடக்கைக்காரரா என்று கேட்க மறந்துவிட்டேன். அப்படியென்றால் நான் எழுதியதையெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலமாக மாற்றிக்கொள்.

ஸ்டூல் வந்ததும் எழுது. எங்கே கை முட்டுகிறது என்று சொன்னால் அதற்கு மட்டும் தனியாக எழுதுகிறேன். அம்மாவிடம் நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்.

அன்புடன்,
உன் தங்கை