காலர் மெஷினில் 69 விநாடி: உற்பத்தி மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மேலாளர் சாருக்கு வணக்கம்.

நேற்று மாலை மைக்கில் "காலர் அட்டாச் தூங்குதா?" என்று கேட்டீர்கள். தூங்கவில்லை சார். பாத்ரூம் போனால் பண்டல் குவிந்துவிடும் என்று அந்த அக்கா காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. லைன் சூப்பர்வைசராகப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

டார்கெட் 600 சட்டை. டீ நேரம் போக 460 நிமிடம், அதாவது 27,600 விநாடி. அப்படியானால் 46 விநாடிக்கு ஒரு சட்டை இறங்க வேண்டும், அதுதான் டாக்ட் டைம். ஒரு சட்டைக்கு மொத்தம் சுமார் 20 நிமிட வேலை, 26 பேர், வகுத்தால் தலைக்கு 46 விநாடி வருகிறது, உடனே லைன் பேலன்ஸ் ஆகிவிட்டது என்று ஐ.இ. ஷீட்டில் எழுதிவிட்டார்கள். ஆனால் வேலை அப்படிச் சமமாகப் பிரிந்து கிடக்கவில்லையே! காலர் அட்டாச்சுக்கு 69 விநாடி ஆகிறது. 27,600ஐ 69ஆல் வகுத்துப் பாருங்கள், 400. நேற்று வந்தது 392. அந்த அக்கா மேல் என்ன குறை?

கணக்கு பிடிக்காவிட்டால் லைனில் ஒரு நடை நடந்து பாருங்கள். அவர் மெஷினுக்கு முன்னால் பண்டல் மலை, அடுத்து இருக்கிற கஃப் டெய்லர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விரட்டினால் காலர் முனை ஏறி இறங்கும், செக்கிங்கிலிருந்து ஆல்டருக்குத் திரும்பி வரும், அதைப் பிரித்துத் தைப்பதும் அதே அக்காதான்.

காலருக்கு இரண்டாவது மெஷின் போடுங்கள் சார். புதிதாக ஆள் எடுக்கச் சொல்லவில்லை. யோக்கில் லேபிள் வைப்பது 20 விநாடி, ஸ்லீவ் பிளீட் 24 விநாடி, இரண்டும் சிங்கிள் நீடில்தான். ஒருவரே 44 விநாடியில் முடிப்பார், இன்னொருவர் காலருக்கு வரட்டும். பழகும்வரை சில நாள் வேகம் குறையும். லேபிள் பேக் பகுதியில், பிளீட் ஸ்லீவ் பகுதியில் என்பதால் பண்டல் நம்பர் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அது என் பொறுப்பு.

அப்புறமும் 600 வராது, இப்போதே சொல்லிவிடுகிறேன். அடுத்து கஃப் அட்டாச் 52 விநாடியில் நிற்கிறது, 530தான் இறங்கும். அதைப் பிறகு பார்ப்போம்.

மணிக்கொரு முறை போர்டில் சிவப்பு மையில் எழுத ஆள் இருக்கிறது, ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்டு அந்த மெஷின் பக்கத்தில் பத்து பீஸ் நேரம் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை. சரி, அது வேறு கதை.

திங்கட்கிழமை ஃபீடிங்குக்கு முன் அந்த இரண்டாவது மெஷினைப் போட அனுமதி கொடுங்கள். அதுவரை, தயவுசெய்து, மைக்கில் வேண்டாம் சார்.

இப்படிக்கு,
உங்கள் லைன் சூப்பர்வைசர்