பெர்மிட் இல்லாத ஊர்வலம்: சுங்கை சிப்புட் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

கோயில் மண்டபத்துப் பட்டிமன்றத்தில் ‘அநீதியான சட்டத்தை மீறலாம்’ என்ற அணியில் பேசப் போவதாக எழுதியிருந்தாய். உப்புச் சத்தியாக்கிரகத்தை எல்லாரும் எடுப்பார்கள். அது சுலபம்: உப்புச் சட்டமே அநீதி, அதையே மீறினார்கள். நீ பெர்மிங்ஹாமை எடு, சிக்கல் அங்கேதான்.

1963 ஏப்ரலில் அந்த அமெரிக்க நகரத்தில் நிறப்பாகுபாட்டை எதிர்த்து ஊர்வலம் போக பெர்மிட் கேட்டார்கள். காவல் துறையைக் கையில் வைத்திருந்த கமிஷனர் கானர் முடியாது என்றார். 10ஆம் தேதி இரவு நீதிமன்றத் தடையுத்தரவும் வந்தது. 12ஆம் தேதி, புனித வெள்ளியன்று, மார்ட்டின் லூதர் கிங்கும் மற்றவர்களும் நடந்தார்கள். கைதானார்கள்.

“ஊர்வலத்துக்கு பெர்மிட் கேட்பதில் என்ன அநீதி?” என்று எதிரணி மடக்கும். கிங் சிறையிலிருந்து எழுதிய கடிதம் இதை நேராகவே ஒப்புக்கொள்கிறது. பெர்மிட் விதியில் தவறில்லை, பாகுபாட்டைக் காப்பாற்ற அதைப் பயன்படுத்தும்போதுதான் அது அநீதியாகிறது என்கிறார். அநீதியை அடையாளம் காண அவர் தரும் அளவுகோலும் தெளிவானது: பெரும்பான்மை தன்னைக் கட்டுப்படுத்தாத ஒரு விதியைச் சிறுபான்மைமேல் மட்டும் சுமத்துகிறதா? ஓட்டு மறுக்கப்பட்டவர்கள்மேல், அவர்களைக் கேட்காமலே போட்ட சட்டமா? மீறுகிறவர் ஒளியாமல் மீற வேண்டும், தண்டனையையும் ஏற்க வேண்டும். வரி ஏய்ப்பவனுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இனி உன் வாதத்தின் பலவீனமான இடம். மீறியது இரண்டை: பெர்மிட் விதி, நீதிமன்ற உத்தரவு. 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், உத்தரவு தவறாகவே இருந்தாலும் முதலில் நீதிமன்றத்தில் எதிர்த்திருக்க வேண்டும் என்று 5க்கு 4 எனத் தீர்த்தது. கிங்குக்கு 5 நாள் சிறை உறுதியானது. 1969இல் அதே ஊர்வலத்துக்காகத் தண்டிக்கப்பட்ட ஷட்டில்ஸ்வொர்த்தின் வழக்கில், நகர கமிஷன் இஷ்டப்படி மறுக்க இடம் கொடுத்த அந்த பெர்மிட் விதி அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தண்டனையை ரத்து செய்தது. ஒரே நடை, இரண்டு முடிவு!

ஆளாளுக்கு உத்தரவை எடைபோட்டுப் பார்த்துக் கீழ்ப்படிந்தால் நீதிமன்றம் எதற்கு என்பது 1967 தீர்ப்பின் நியாயம். லேசாகத் தள்ளிவிடாதே. ஆனால் ஈஸ்டர் வியாபாரத்தைப் புறக்கணிக்கும் போராட்டம் அது, வழக்கு முடிவதற்குள் ஈஸ்டர் போய்விடும். தாமதமே மறுப்பாக மாறும் இடத்தில் கிங் நடந்தது சரி என்பேன். சிறைக்குத் தயாராக இருந்ததால்தான் அப்படிச் சொல்ல முடிகிறது.

நம் மலேசியாவிலிருந்து உதாரணம் கேட்பார்கள். 2007 நவம்பர் 25 இந்தியர் உரிமைக்கான இண்ட்ராஃப் பேரணி நடந்தபோது போலீஸ் சட்டம் 27ஆம் பிரிவின்படி பெர்மிட் வேண்டும், பேரணி அது இல்லாமலே நடந்தது. அங்கே கிங்கின் வாதம் பொருந்தும். 2012 அமைதிப் பேரணிச் சட்டம் பெர்மிட்டை எடுத்துவிட்டு நோட்டீஸ் முறையைக் கொண்டு வந்தது, 2019 திருத்தத்துக்குப் பிறகு 5 நாள் முன்பே கொடுக்க வேண்டும். நோட்டீஸ் என்பது அனுமதி கேட்பதல்ல. அதைக்கூடக் கொடுக்காமல் ஊர்வலம் போய்விட்டு கிங்கைத் துணைக்கு அழைத்தால் நடுவர் சிரிப்பார்.

அன்புடன்,
அண்ணன்