எல்லைக்கோட்டில் நின்று "திரும்பிப் புடி" என்று கத்தும் பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களே,

வணக்கம். சனிக்கிழமை காலை நம் பிள்ளைகளின் கோ-கோ ஆட்டத்துக்கு உங்களில் பல பேர் முதல் முறையாக வருகிறீர்கள். நான் பள்ளிப் பருவத்தில் ஆடியவன். இப்போது மாலை நேரங்களில் இந்தப் பிள்ளைகளுக்குச் சேசிங், அதாவது எதிரணியை விரட்டித் தொட்டு அவுட் செய்வதைப் பழக்குகிறேன். போன வருடம் ஒரு போட்டியில் நடந்ததைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. அன்று தப்பி ஓட வேண்டிய எதிரணி ரன்னர், விரட்டிக்கொண்டிருந்த நம் சேஸரின் முதுகுக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் நின்றாள். எல்லைக்கோட்டிலிருந்து ஒரே சத்தம்: "பின்னாடியே நிக்குறா பாரு, திரும்பிப் புடிடீ!" பிள்ளை திரும்பினாள், தொட்டாள். நீங்கள் கைதட்டினீர்கள். நடுவர் விசில் ஊதி ஃபவுல் என்றார், அவுட் கிடையாது. சில பேர் மைதானத்துக்குள் இறங்கி நடுவரிடம் சண்டைக்கே போய்விட்டார்கள்.

நடுவர் செய்தது சரி. அவள் திரும்பியிருக்கக் கூடாது. அது ஏன் என்று புரிந்துவிட்டால் மொத்த ஆட்டமும் புரிந்துவிடும்.

மைதானத்தின் இரண்டு முனைகளிலும் இடுப்புக்குச் சற்று மேல் உயரத்தில் ஒவ்வொரு கம்பம் நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 24 மீட்டர். ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம் வரை ஓரடி அகலத்தில் நடுப்பாதை ஓடுகிறது. அதில் எட்டுச் சதுரங்கள், எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவது ஆள்தான் சேஸர். ரன்னர்கள் மூன்று மூன்று பேராக உள்ளே வருவார்கள். ரன்னர் இந்த நடுப்பாதையை எங்கே வேண்டுமானாலும் குறுக்கே தாண்டலாம், எந்தத் திசையிலும் ஓடலாம். சேஸருக்கு அந்த உரிமை கிடையாது. நடுப்பாதையைத் தாண்டக் கூடாது. ஒரு கம்பத்தை நோக்கி உடம்பைத் திருப்பி ஓடத் தொடங்கிவிட்டால் அந்தக் கம்பம் வரை போக வேண்டும், பின்வாங்க முடியாது. மறுபக்கம் போக அவளுக்கு இரண்டே வழி: கம்பத்தைச் சுற்றிப் போவது, இல்லை உட்கார்ந்திருப்பவளுக்குக் "கோ" கொடுத்து அவளை அனுப்புவது.

இதில் ஒரு குழப்பம் தொலைக்காட்சியால் வந்தது. 2022-ல் தொடங்கிய அல்டிமேட் கோ-கோ லீக்கில் சென்னை அணி ஆடியதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். அதில் "வசீர்" என்று ஒரு ஆட்டக்காரருக்கு எந்தத் திசையிலும் திரும்பலாம் என்ற சலுகை உண்டு. நம் பிள்ளைகள் ஆடுவது பழைய வடிவம், இதில் வசீர் இல்லை.

சரி, உட்கார்ந்திருக்கும் எட்டுப் பேரைப் பாருங்கள். ஒருத்தி நம்மைப் பார்த்து, அடுத்தவள் நமக்கு முதுகு காட்டி, மாறி மாறி உட்கார்ந்திருப்பார்கள். புளியமரத்துப் பக்கக் கம்பத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிக் கம்பம் வரை 1 முதல் 8 என்று மனசுக்குள் எண் போட்டுக்கொள்ளுங்கள். 1, 3, 5, 7 நம்மைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 6, 8 நமக்கு முதுகு காட்டுகிறார்கள். கோ எப்போதும் முதுகுப் பக்கத்திலிருந்துதான் கொடுக்க வேண்டும். கையால் தொட்டு, அதே நொடியில் "கோ" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். அப்படியென்றால் நம் பக்கம் ஓடும் சேஸரால் 2, 4, 6, 8 ஆகிய நான்கு பேருக்கு மட்டுமே கோ கொடுக்க முடியும். எழுந்தவள் தான் பார்த்திருந்த மறுபக்கத்துக்குப் பாய்வாள். கொடுத்தவள் காலியான சதுரத்தில் அதே திசை பார்த்து உடனே உட்கார்ந்துவிடுவாள். சேஸர் கோட்டைத் தாண்டாமலே சேசிங் மட்டும் கோட்டைத் தாண்டிவிடுகிறது. கோ-கோவின் சாமர்த்தியம் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

இப்போது மூலைகளைக் கவனியுங்கள். நம் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டிக் கம்பத்தை நோக்கி ஓடும் சேஸருக்கு 8 வரை கோ இருக்கிறது, அதுவும் கம்பத்தை ஒட்டியே. ஆனால் புளியமரத்துக் கம்பத்தை நோக்கி ஓடினால் 2-தான் கடைசி. 1 நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு நம் பக்கத்திலிருந்து கோ கொடுக்க முடியாது. 2-ஐத் தாண்டிவிட்டால் கம்பம்தான் வழி. ஆக, நம் பக்கத்தில் புளியமரத்து மூலையும், மறுபக்கத்தில் தண்ணீர்த் தொட்டி மூலையும் சேஸருக்குக் கஷ்டமான இடங்கள். நல்ல ரன்னர் அந்த மூலைகளைத் தேடித்தான் போவாள். சும்மா ஓடிக் களைத்து ஓரமாக நிற்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள்.

போன மாதம் பயிற்சியில் நாங்கள் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்தது இந்த மூலையைத்தான். மூன்றில் ஒரு ரன்னர் நம் பக்கத்தில், 1-க்கும் புளியமரத்துக் கம்பத்துக்கும் நடுவே உள்ள அந்த இரண்டரை மீட்டர் இடைவெளியில் நிற்கிறாள். நம் சேஸர் 5-லிருந்து எழுந்து நம் பக்கமாகவே அவளை நோக்கி வருகிறாள். ஆசைப்பட்டு நேராக அவள் மேலேயே பாய்ந்தால் ரன்னர் கம்பத்தை ஒட்டி மறுபக்கம் நழுவிவிடுவாள். சேஸர் கம்பத்தைச் சுற்றி மறுபக்கம் வருவதற்குள் ரன்னர் 2-க்கும் 3-க்கும் நடுவே புகுந்து மறுபடி நம் பக்கம் வந்திருப்பாள். இப்படியே நிமிடங்கள் போகும்.

நாங்கள் சொல்லிக் கொடுத்தது வேறு. ரன்னர் கைக்கு எட்டுகிற மாதிரி தெரிந்தாலும் 2-ல் கோ கொடுத்துவிடு. 2 எழுந்து மறுபக்கம் போகிறாள், புளியமரத்துக் கம்பத்தை நோக்கித் திரும்புகிறாள். ரன்னரின் கண் இப்போது அவள் மேல் போகிறது. 2 இரண்டு எட்டு வைத்ததும் 1-ன் முதுகு அவளுக்கு முன்னால் வருகிறது. அங்கே இன்னொரு கோ. 1 நம் பக்கத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், எழுந்தால் ரன்னர் முகத்துக்கு நேராக எழுவாள். மறுபக்கத்துச் சேஸரைப் பார்த்துக்கொண்டிருந்த ரன்னருக்குத் தன் பக்கத்திலேயே ஒருத்தி முளைத்தது போல இருக்கும். இரண்டு கோவுக்கும் ஆகிற நேரம் கம்பத்தைச் சுற்றி வரும் நேரத்தைவிடக் குறைவு.

இனி அவள் தப்பிக்க இருப்பது கம்பம் ஒன்றுதான். கம்பத்தைச் சுற்றி மறுபக்கம் போகப் பார்ப்பாள். 1 கம்பத்தை நோக்கித்தான் பாய்ந்திருக்கிறாள், ஆகவே தொடரலாம். இங்கேதான் நாங்கள் "போல் டர்ன்" என்று சொல்லும் கம்பச் சுழற்சி வருகிறது. பழகாத பிள்ளை கம்பத்துக்கு வந்ததும் நிமிர்ந்து நிற்பாள், வேகத்தைக் குறைப்பாள், இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்துச் சுற்றுவாள். பழகியவள் கம்பத்துக்கு முன்னாலேயே எட்டுகளைக் குறுக்கி, உடம்பைத் தாழ்த்தி, கம்பத்துப் பக்கக் கையால் மட்டும் அதைப் பற்றுவாள். உடம்பு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். ஓடி வந்த வேகமே அவளை ஒரு சுழற்றுச் சுழற்றி மறுபக்கம் விடும். மற்றொரு கை தொடுவதற்கு எப்போதும் காலியாக இருக்க வேண்டும். ரன்னர் அந்தக் கைக்கு ஒரு முழம் எட்டாமல் இருந்தால், கம்பத்தை விடாமல் உடம்பைத் தரையோடு நீட்டிப் பாய்வாள். அதுதான் "போல் டைவ்". கம்பத்தின் இடத்தில் மைதானத்துக்குக் குறுக்கே போட்டிருக்கும் கோட்டுக்கு அப்பால் திசை விதி கிடையாது என்பதால் அங்கே சேஸர் இந்தப் பக்கம் போவது போலக் காட்டி அந்தப் பக்கம் வரலாம். அது ஃபவுல் இல்லை.

ஒரு அம்மா என்னிடம் வருத்தத்தோடு கேட்டார், "என் பொண்ணை ஏன் சார் எப்பவும் ஓரத்துலயே உக்கார வைக்கிறீங்க?" அம்மா, அவள்தான் எங்களிடம் கம்பத்தை நன்றாகச் சுற்றுகிறவள். அதனால்தான் 1-ல் உட்கார வைக்கிறோம். அதே மாதிரி இன்னொருத்தி 8-ல். ஆனால் ஒரு கோ வாங்கி எழுந்துவிட்டால் அந்த இடம் வேறு ஒருத்தியுடையதாகிவிடும். நான்கைந்து நிமிடத்தில் வரிசை கலைந்து, கம்பம் பழகாதவள் 8-ல் உட்கார்ந்திருப்பாள். ரன்னர்கள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் ஆட்டத்தின் நடுவே கோ கொடுத்துக் கொடுத்துக் கம்பக்காரியை மறுபடி ஓரத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பதைக் கவனியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

தவறுகள் எங்கே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன ஆட்டத்தில் சேஸர் 2-ன் சதுரத்துக்கு நேராகக் குறுக்கே போகும் பாதையைத் தாண்டி ஒரு எட்டு வைத்துவிட்டுக் கையைப் பின்னால் நீட்டிக் கோ கொடுத்தால் அது ஃபவுல். தொடுவதற்கு முன்பே 2 எழுந்துவிட்டாலும் ஃபவுல். எழுந்தவள் கால் நடுப்பாதையின் தவறான பக்கம் பட்டாலும் ஃபவுல். ஃபவுலுக்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள். ஆனால் சேஸர் ஓடிக்கொண்டிருந்த திசைக்கு எதிர்த்திசையில் போய்த்தான் ஆட்டத்தைத் தொடர வேண்டும். அதற்குள் ரன்னர் நிம்மதியாக நடுவுக்குப் போய்விடுவாள். அந்தத் தவறைச் சரிசெய்யாமல் தொட்டால் அவுட் இல்லை. விசிலுக்குப் பிறகு சேஸர் ரன்னரை விட்டு விலகி ஓடுகிறாளே என்று உங்களுக்குத் தோன்றும் இடம் இதுதான்.

இன்னொன்றும் விசித்திரமாகத் தெரியும். மூன்றாவது ரன்னர் அவுட் ஆனதும் அடுத்த மூன்று பேர் உள்ளே வருவார்கள். ஒருத்தி சேஸர் பக்கத்திலேயே வந்தாலும் அவள் தொட மாட்டாள். மூன்றாவது ஆளை அவுட் செய்தவள் புதியவர்களை விரட்டக் கூடாது, கோ கொடுத்துவிட வேண்டும் என்பது விதி.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு சனிக்கிழமை என் வேண்டுகோள் ஒன்று. உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தன் முதுகுக்குப் பின்னால் வரும் சேஸர் தெரியாது. தோளில் படும் கையையும் காதில் விழும் "கோ"வையும் வைத்துத்தான் அவள் எழுகிறாள். நடுப்பாதையின் இரு பக்கமும் நிற்கும் நடுவர்களும் அந்தச் சத்தத்தைக் கேட்டாக வேண்டும். பிள்ளைகள் பெயரைச் சொல்லிக் கத்துங்கள், கைதட்டுங்கள், அவர்களுக்கு அது பிடிக்கும். சேஸர் ஒருத்தியை நெருங்கும் அந்த இரண்டு மூன்று நொடி மட்டும் அமைதியாக இருங்கள். அப்புறம், உற்சாகத்தில் நீங்களும் "கோ! கோ!" என்று சொல்லிவிடாதீர்கள். போன வாரப் பயிற்சியில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தம்பி அப்படிக் கத்தினான், 6-ல் இருந்தவள் யாரும் தொடாமலே எழுந்து ஓடிவிட்டாள்.

அன்புடன்,
மாலை நேரப் பயிற்சியில் உங்கள் பிள்ளைகளோடு இருப்பவன்