கால் சதவீதமாகவே நகருங்கள்: ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுவின் ஆறு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வியாசர்பாடியில் சின்னச் சின்ன லேத் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். வங்கிகளுக்கு நீங்கள் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை மாற்றும்போது இங்கே என்ன நடக்கிறது என்பதைக் கடன் புத்தகங்களில் பார்க்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். வட்டியைக் கூட்டுங்கள், குறையுங்கள், அது உங்கள் முடிவு. ஒரே தடவையில் எவ்வளவு என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது.

ஒரே தெருவில் நான்கு கடன்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பட்டறைக்காரரின் வங்கிக் கடன் ரெப்போவோடு கட்டப்பட்டது, மூன்று மாதத்துக்குள் வட்டி மாறிவிடும். பக்கத்துப் பட்டறையின் கடன், வங்கி தன் சொந்தச் செலவை வைத்து வட்டி போடும் பழைய எம்சிஎல்ஆர் கணக்கில் இருக்கிறது, வருஷத்துக்கு ஒருமுறைதான் மாறும். மூன்றாமவர் மெஷின் வாங்கியது நிதி நிறுவனத்தில், நிலையான வட்டி, கடைசித் தவணை வரை ஒரே தொகை. நான்காமவர் தண்டல் வாங்கியிருக்கிறார், தினமும் சாயங்காலம் வந்து வசூலிப்பவருக்கு ரெப்போ என்றால் என்னவென்றே கவலையில்லை. அப்படியானால் உங்கள் ஒரு சதவீதம் இந்தத் தெருவை எவ்வளவு நகர்த்தும்? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் உறுதியாகத் தெரிய வழியில்லை.

வீட்டுக் கடனிலும் இதே கதைதான். 30 லட்சம், 20 வருஷம், 7 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 23,260 ரூபாய். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை நீங்கள் ரெப்போவை 4-லிருந்து 6.5-க்கு உயர்த்தினீர்கள். அந்த இரண்டரை சதவீதம் முழுதாக இந்தக் கடனில் ஏறினால் மாத வட்டி மட்டுமே 23,750. தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டினால் அசல் குறையாது, ஏறும். தவணையைக் கூட்டிய வீட்டில் செலவு உடனே சுருங்கும், காலத்தை நீட்டிய வீட்டில் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. ஒரே உயர்வு, இரண்டு வேறு விளைவுகள். அப்புறம் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே இதற்கு விதி கொண்டுவர வேண்டியிருந்தது.

வில்லியம் பிரெய்னார்டு என்ற பொருளாதார நிபுணர் விளைவு உறுதியாகத் தெரியாதபோது குறைவாக நகர வேண்டும் என்பதை 1967-லேயே கணக்காகப் போட்டுக் காட்டினார், உங்களுக்குத் தெரியாததல்ல, மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பணவீக்கம் 1 சதவீதம் குறைய வேண்டும், வட்டியில் 1 சதவீதம் கூட்டினால் சராசரியாக அரை சதவீதம் குறையும் என்று வைத்துக்கொள்வோம். சராசரியை மட்டும் நம்பினால் 2 சதவீதம் கூட்ட வேண்டும். ஆனால் உண்மை விளைவு கால் சதவீதமாகவும் இருக்கலாம், முக்கால் சதவீதமாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் சம வாய்ப்பு என்றால்? 2 கூட்டினால் குறைவது அரையாக இருக்கும், அல்லது ஒன்றரையாக இருக்கும், எப்படியும் இலக்கை அரை சதவீதம் தவறவிடுவீர்கள். 1.6 கூட்டினால் தவறு ஒரு பக்கம் 0.6, மறுபக்கம் வெறும் 0.2. பெரிய தவறுக்குக் கூடுதல் தண்டனை வைத்து, தவறுகளை வர்க்கமாக்கிச் சராசரி எடுத்தால் முன்னதில் 0.25, பின்னதில் 0.20. எல்லாச் சந்தேகமும் ஒன்றல்ல. பருவமழை பொய்க்குமோ என்ற சந்தேகம் நீங்கள் எவ்வளவு நகர்ந்தாலும் அதே அளவில்தான் இருக்கும். வட்டியின் வலிமை பற்றிய சந்தேகம் அப்படியல்ல, நீங்கள் நகரும் அளவோடு சேர்ந்து அதுவும் பெருகுகிறது.

இதனால்தான் 2025 ஜூனில் ஒரேயடியாக அரை சதவீதம் குறைத்தது எனக்கு உறுத்துகிறது. பிப்ரவரியில் கால், ஏப்ரலில் கால் குறைத்திருந்தீர்கள். எங்கள் தெருவின் எம்சிஎல்ஆர் கடன்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டும் அப்போது வந்து சேர்ந்திருக்கவே இல்லை. மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குள் அடுத்த வேளைக்கு இரட்டை அளவு கொடுத்தது போல. உங்களில் ஒருவர் அன்று கால் சதவீதம் போதும் என்று வாக்களித்தார், அவர் பக்கம்தான் நியாயம் என்று நினைக்கிறேன்.

எப்போதும் மெதுவாகவே போங்கள் என்று சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் பணவீக்கம் 7.79 சதவீதம், ரெப்போ வெறும் 4. விலையேற்றம் தானாக அடங்குமா, கூலியிலும் வாடகையிலும் ஒட்டிக்கொள்ளுமா என்பதே அன்றைய சந்தேகம். அந்த மாதிரிச் சந்தேகத்தில் கணக்கு தலைகீழாகும், தயங்கினால்தான் நஷ்டம். அந்த வருஷத்து அரை சதவீத உயர்வுகளை நான் குறை சொல்ல மாட்டேன்.

சரி, கேட்பது இதுதான். விலைகள் கைமீறாத காலத்தில் கால் சதவீதத்தைத் தாண்டாதீர்கள். தாண்டினால், ஒரு சதவீத மாற்றம் பணவீக்கத்தை எவ்வளவு அசைக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், குறைந்தது எவ்வளவு, அதிகம் எவ்வளவு என்று அன்றைய அறிக்கையிலேயே எழுதுங்கள். முந்தைய மாற்றத்தில் எத்தனை பங்கு எம்சிஎல்ஆர் கடன்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் அதன் பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடியிலிருந்து ஒரு கணக்கர்