விகிதப் பங்கீட்டில் பகுதிகளைத் தவறாக எண்ணிய விடைத்தாள்கள்: கணித விடைத்தாள் திருத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். விகிதப் பங்கீட்டுக் கணக்குகளைத் திருத்தும்போது கடைசி வரியை மட்டும் விடைக்குறிப்போடு ஒப்பிட்டுவிட்டு முழுக் கணக்கையும் அடித்துவிடும் வழக்கத்தைக் குறித்தே இம்மடலை எழுதுகிறேன்.

720-ஐ 2:3:4 என்ற விகிதத்தில் பகிர வேண்டும் என்று கொள்வோம். மொத்தப் பகுதிகள் 9, ஒரு பகுதி 80, பங்குகள் 160, 240, 320. ஒரு மாணவர் பகுதிகளை 8 என்று எண்ணிவிட்டால் ஒரு பகுதி 90 ஆகி, பங்குகள் 180, 270, 360 என்று வருகின்றன. 720 என்ற எண் எட்டாலும் ஒன்பதாலும் மீதியின்றி வகுபடுவதால், தவறு நேர்ந்தது அவருக்கு உறுத்துவதே இல்லை. (450 கொடுத்திருந்தால் 56.25 என்று வந்து அவரைச் சற்றே நிறுத்தியிருக்கும்.) பங்குகளின் விகிதத்தைச் சுருக்கிப் பார்த்தாலும் 2:3:4 என்றே வரும். கூட்டிப் பார்த்தால்தான் 810 என்று தெரியும். மிகையாக உள்ள 90, அவரே கண்ட ஒரு பகுதியின் மதிப்பு. ஆகவே அவர் எண்ணாமல் விட்டது சரியாக ஒரு பகுதி. பெருக்கலில் பிழை செய்தவரிடம் வித்தியாசம் இப்படிப் பொருந்தி வருவது அரிது. பகுதிகளைக் கூட்டாமல் 3 பங்கு என்பதால் மூன்றால் வகுத்தவருக்கோ ஒரு பகுதி 240 ஆகவும், கூட்டுத்தொகை 2160 ஆகவும் இருக்கும். மிகை 1440, அதாவது ஆறு பகுதிகள்.

இதுவரை எளிது. என்னைப் பலமுறை ஏமாற்றியது 180, 270, 270 என்ற விடை. கூட்டினால் 720 வருவதால் கூட்டல் சோதனை இங்கே உதவாது. விகிதம்தான் 2:3:3 என்று சிதைந்திருக்கிறது. இதே விடைக்கு இரண்டு வழிகளில் வந்து சேரலாம். ஒருவர் கேள்வியிலிருந்து விகிதத்தை எடுத்தெழுதும்போதே 4-ஐ 3 என்று எழுதிவிட்டு, அதன்பின் 8 பகுதிகள், 90, 90 × 3 என்று பிசகின்றிச் செய்திருப்பார். மற்றொருவர் விகிதத்தைச் சரியாக எழுதியும் 8 என்று எண்ணி, முதல் இரண்டு பங்குகளைக் கண்டபின், மூன்றாவதை 720 − 450 என்று கழித்துப் பெற்றிருப்பார். முன்னவருக்குப் பகிரும் முறை தெரியும், கண்தான் பிசகியது. பின்னவர் எண்ணிக்கையில் தவறியதோடு, அத்தவறு வெளிப்படக்கூடிய ஒரே இடத்தையும் கழித்தலால் அறியாமல் மூடிவிட்டார். விடை வரியில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. மூன்றாவது பங்கு பெருக்கலால் வந்ததா கழித்தலால் வந்ததா என்பதைக் கையெழுத்துச் செய்முறைதான் காட்டும்.

ஆகையால், 2 + 3 + 4 என்ற கூட்டலைத் தனி வரியாக எழுதுமாறு மாணவர்களிடம் கேளுங்கள் என்றும், பிழை நேர்ந்த அந்த இடத்தில் மட்டும் வட்டமிட்டு, அதற்குப் பின் அவருடைய எண்ணைக் கொண்டே சரியாகச் செய்த படிகளுக்குரிய மதிப்பெண்ணை வழங்குங்கள் என்றும் வேண்டுகிறேன். கழித்துப் பெற்ற கடைசிப் பங்கின் அருகே மட்டும், அதைப் பெருக்கியும் கண்டு பார்க்குமாறு ஒரு குறிப்பு எழுதுங்கள்.

இப்படிக்கு,
விடைத்தாள் திருத்தும் ஓர் ஆசிரியர்