மலைக்கு மாநாடு நடத்த வரும் மருத்துவர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நீலகிரியில் மருந்துக்கடை நடத்துகிறவர்களும் சிறிய கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்களும் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஊட்டியிலும் குன்னூரிலும் விடுதி எடுத்து நீங்கள் நடத்தும் இரண்டு நாள் சி.எம்.இ. என்கிற தொடர் மருத்துவக் கல்விக் கூட்டங்களுக்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

மருந்துக் கம்பெனியிடம் பரிசோ பயணச் செலவோ டாக்டர் வாங்கக்கூடாது என்ற விதி 2009-இலேயே வந்துவிட்டது. 2016-இல் செய்த திருத்தத்தில் மருத்துவர் சங்கங்கள் மட்டும் அந்த விதியிலிருந்து கழன்றுகொண்டன. 2024 மார்ச்சில் மத்திய மருந்துத் துறை வெளியிட்ட விற்பனை நெறிமுறையோ, பேச்சாளராக வருகிறவரைத் தவிர யாருக்கும் கம்பெனி டிக்கெட்டும் அறையும் தரக்கூடாது என்கிறது. ஓட்டை எங்கே என்று உங்களுக்கே தெரியும். பணம் ஸ்டால் வாடகை என்ற பெயரில் சங்கத்துக்கு வந்து, அறையாகவும் சாப்பாடாகவும் டாக்டருக்குப் போகலாம். இல்லாவிட்டால் அமர்வுத் தலைவர், விவாதக் குழு உறுப்பினர் என்று பாதிப் பேரைப் பேச்சாளர் ஆக்கிவிடலாம். அழைப்பிதழில் பத்து நிமிஷப் பேச்சுக்கு நாலு பேர் பெயர் இருந்தால் நாங்கள் புரிந்துகொள்வோம்.

கம்பெனி இதைத் தர்மத்துக்குச் செய்வதில்லை. அதன் விற்பனைப் பிரதிநிதியான ரெப் மருந்துக்கடைக்கு வந்து, எந்த டாக்டர் சீட்டில் எந்த பிராண்ட் வாரத்துக்கு எத்தனை ஸ்ட்ரிப் போகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். ஆர்.சி.பி.ஏ. என்று அதற்குப் பெயர். கூட்டத்துக்கு முன்பும் எடுப்பார், முடிந்த பிறகும் எடுப்பார். செலவழித்த பணம் திரும்பி வந்ததா என்று அந்த நோட்டு சொல்லிவிடும்.

ரத்த அழுத்த மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அம்லோடிபின் பழைய மருந்து; அத்தியாவசியப் பட்டியலில் இருப்பதால் விலைக்கு உச்சவரம்பு உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவும் கிடைக்கும். சிலருக்கு அதனால் கணுக்கால் வீங்கும். சில்னிடிபின் என்ற புதிய மாத்திரையில் அந்த வீக்கம் குறைவு. இது உண்மை. வீக்கம் வந்தவருக்கு மாற்றித் தருவது சரியான வைத்தியம். ஆனால் சில்னிடிபின் விற்கும் கம்பெனியின் செலவில் நடந்த கூட்டத்தில், மேடையில் ஒரு மணி நேரம் கணுக்கால் படங்களையே பார்த்துவிட்டுப் போன டாக்டர், வீக்கமே இல்லாமல் 130/80-இல் நன்றாக இருக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் சீட்டை மாற்றினால், அங்கே சீட்டை எழுதுவது டாக்டர் இல்லை, அந்தப் பயணம்தான்.

விளைவு இப்படிப் போகும். சீட்டில் புதுப் பெயர் வந்ததும் இலவச மாத்திரை நின்றுவிடும். புதியதற்கு ஒரு நாளைக்கு 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 3,650 ரூபாய் அவர் கையிலிருந்து போகும். முப்பது பேருக்கு மாற்றினால் 1,09,500. இரண்டு ராத்திரி அறை வாடகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; அதுவும் இது ஆயுள் முழுக்கச் சாப்பிடும் மாத்திரை. பச்சைத் தேயிலை விலை இறங்கும் மாதங்களில் முதலில் நிற்பது இந்த ஸ்ட்ரிப்தான். பாதியில் நிறுத்தியவர் அடுத்த முறை 170-ஓடு வருவார். ‘மருந்து போதவில்லை’ என்று இன்னொன்று சேர்ப்பார்கள். அவர் சாப்பிடவே இல்லை என்பது யாருக்கும் தெரியாது.

‘ஒரு சாப்பாட்டுக்கா நாங்கள் மாறுவோம்?’ என்று கேட்பீர்கள். 1992-இல் ‘செஸ்ட்’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு இதைத்தான் அளந்தது. கம்பெனி செலவில் சுற்றுலாத் தலத்துக்குக் கருத்தரங்கு போய்வந்த டாக்டர்களில் பெரும்பாலோர், தங்கள் சீட்டு மாறாது என்றே நம்பினார்கள். அவர்கள் ஆஸ்பத்திரியில் அந்தக் கம்பெனியின் ஒரு மருந்தின் சராசரிப் பயன்பாடு 81 அலகிலிருந்து 272-க்கு ஏறியது. பொய் சொன்னார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. தன் சீட்டை எண்ணிப் பார்க்காதவருக்கு அது தெரிய வழியில்லை.

எண்ணுவது கஷ்டமும் இல்லை. கூட்டத்துக்கு முந்தைய மூன்று மாதமும் பிந்தைய மூன்று மாதமும் எழுதிய ரத்த அழுத்தச் சீட்டுகளை எடுங்கள். ஸ்பான்சரின் பிராண்ட் நூற்றுக்கு எத்தனை என்று பாருங்கள். மாற்றிய ஒவ்வொருவருக்கும் கேஸ் ஷீட்டில் காரணம் இருக்கிறதா என்று தேடுங்கள்: வீக்கம், கட்டுப்படாத அழுத்தம், இப்படி ஏதாவது. காரணம் இல்லாத மாற்றங்களைத் தனியாக எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறியிருந்தாலே தவறு என்று சொல்ல மாட்டோம். புதிய சான்று வந்திருக்கலாம், கடையில் பழையதற்குத் தட்டுப்பாடு வந்திருக்கலாம். காரணம் எழுதாத மாற்றம்தான் பிரச்சினை.

அடுத்த சீசனில் இங்கே கூட்டம் போடுவதென்றால் ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியில் அரங்கம் கேட்டுப் பாருங்கள். அறை வாடகையை வருகிறவர்களே கொடுக்கட்டும். எந்தக் கம்பெனி எவ்வளவு கொடுத்தது, எந்தப் பேச்சாளருக்கு எவ்வளவு போனது என்பதை அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். பேச்சாளர்கள் மருந்தின் ஜெனரிக் பெயரையும் ஒரு மாதச் செலவையும் ஸ்லைடில் போடவேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். எங்கள் பங்குக்கு, டாக்டர் பெயரோடு விற்பனைக் கணக்கை எந்த ரெப்புக்கும் இனித் தருவதில்லை என்று கடைக்காரர்களாகிய நாங்கள் முடிவு செய்திருக்கிறோம்.

இப்படிக்கு,
நீலகிரி மருந்துக்கடைக்காரர்களும் பொது மருத்துவர்களும்