டார்ச் எரியாததற்கு மதர்போர்டு மாற்றச் சொன்னது குறித்துப் புகார்

அனுப்புநர்:
லிப்ட் பராமரிப்பு டெக்னீஷியன்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி,
போன் தயாரிப்பு நிறுவனம்.

பொருள்: நல்ல நிலையில் உள்ள போர்டை மாற்றச் சொன்னது, மென்பொருள் குறையைச் சரிசெய்யக் கோருவது.

ஐயா / அம்மா,

கேமரா நன்றாக வேலை செய்கிறது, டார்ச் மட்டும் எரியவில்லை என்று என் போனை உங்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். "பிளாஷ் வேலை செய்யவில்லை, மதர்போர்டு மாற்றம்" என்று ஜாப் ஷீட்டில் எழுதி, 7,400 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டார்கள். பார்த்த கூலி என்று 300 ரூபாய் தனி. வாரண்டி முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. அந்தப் போர்டு இன்றைக்கும் மாற்றாமலேயே இருக்கிறது, டார்ச்சும் எரிகிறது.

அவர்கள் எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் தவறு அங்கேதான். போனை நான் கொடுத்தபோது சார்ஜ் 12 சதவீதம். கேமராவில் பிளாஷை ஆன் செய்து ஒரு படம் எடுத்தார்கள். படம் விழுந்தது, பிளாஷ் அடிக்கவில்லை. அப்புறம் சேஃப் மோடில் போட்டு டார்ச்சைத் தட்டினார்கள். அதுவும் எரியவில்லை. "டவுன்லோட் செய்த ஆப் எதுவும் ஓடாத நிலையிலும் எரியல, அப்ப ஹார்டுவேர்தான் சார்" என்றார் கவுன்ட்டரில் இருந்த தம்பி. கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து 70 சதவீதம் வரை சார்ஜ் ஏற்றிய பிறகு கேமராவைத் திறந்து மறுபடி எடுத்துப் பார்த்தேன். பிளாஷ் பளிச்சென்று அடித்தது. பின்பக்கம் இருப்பது ஒரே எல்இடி, பிளாஷுக்கும் டார்ச்சுக்கும் அதுவேதான். அது அடிக்கிறது என்றால் எல்இடியும் அதை ஓட்டும் சர்க்யூட்டும் நன்றாக இருக்கிறது. ஆனால் டார்ச் பொத்தான் அப்போதும் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. அதாவது, என் போனில் இரண்டு தனித்தனிக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. உங்கள் ஆட்கள் இரண்டையும் சேர்த்து ஒரே பழுதாக எழுதிவிட்டார்கள்.

முதலாவது பேட்டரி வரம்பு. இந்த மாடலில் 15 சதவீதத்துக்குக் கீழே போனால் பிளாஷும் டார்ச்சும் தடுக்கப்படுகின்றன. சார்ஜர் குத்தியிருந்தாலும் அந்த அளவைத் தாண்டும்வரை திறப்பதில்லை. இதை நானே சதவீதத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கையேட்டில் ஒரு வரி கிடையாது. பிளாஷுக்கு வரம்பு வைப்பதில் எனக்குச் சண்டை இல்லை. பிளாஷ் அடிக்கும் கணத்தில் எல்இடி ஒரு ஆம்பியரை ஒட்டி இழுக்கும். பேட்டரி காலியாகும் நேரத்தில், அதுவும் பழைய பேட்டரியாக இருந்தால், அந்த ஒரு இழுப்பில் வோல்டேஜ் சரிந்து போனே அணைந்துவிடலாம். பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது கட்டிடத்து விளக்குகள் மங்குவதை நான் தினமும் பார்க்கிறவன். ஆனால் டார்ச்சாக எரியும்போது அதே எல்இடி அதில் ஒரு சிறு பங்குதான் எடுக்கிறது. பிரகாசத்தைக் குறைத்து எரியவிட்டால் இன்னும் குறையும். இரண்டுக்கும் ஒரே கோடு கிழித்தது சோம்பேறித்தனம் என்றுதான் சொல்வேன். 14 சதவீதத்தில் ஒருவருக்குப் படத்தை விட வெளிச்சம்தான் தேவைப்படும்.

(லிப்ட் ஷாப்டில் வேலை செய்பவனிடம் ஹெட்லைட் இருக்காதா என்று கேட்கலாம். இருக்கிறது. கன்ட்ரோலர் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்க்க போன் டார்ச் போல வசதி வேறில்லை.)

இரண்டாவது காரணம்தான் முக்கியம். 70 சதவீதத்திலும் டார்ச் ஏன் எரியவில்லை? ஒன்றைக் கவனித்தேன். கேமரா ஆப்பைத் திறந்து மூடிய உடனே டார்ச்சைத் தட்டினால் எரிந்தது. சில நொடி விட்டால் மறுபடி சாம்பல் நிறம். திரையின் மேல் மூலையில், கேமரா பயன்பாட்டில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளியும் அதே நேரத்தில் திரும்ப வந்தது. நான் எந்த ஆப்பையும் திறந்திருக்கவில்லை. சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் மச்சான் போனை லேப்டாப்பில் இணைத்து இந்தக் கட்டளையைக் கொடுத்தார்:

```
adb shell dumpsys media.camera
```

கேமராவை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று இது சொல்லிவிடும். முன்பக்கக் கேமராவைப் பிடித்திருந்தது உங்கள் நிறுவனத்தின் சொந்த ஆப்: திரைக்கு முன் கையசைத்தால் பக்கம் நகரும் அந்த வசதி. போன் வாங்கும்போதே ஆனில் வருவது. நான் அதைப் பயன்படுத்தியதே இல்லை.

ஆண்ட்ராய்டில் கேமரா பயன்பாட்டில் இருந்தாலோ, டார்ச்சுக்குத் தேவையான வேறு கேமரா வளங்கள் பயன்பாட்டில் இருந்தாலோ, டார்ச் கோரிக்கை மறுக்கப்படும். கேமரா ஆப்புக்கு அந்தக் கதி இல்லை. நாம் கண்முன் திறக்கும் ஆப்புக்கு முன்னுரிமை உண்டு, பின்னால் பிடித்திருப்பதை வெளியே தள்ளிவிட்டுத் தான் எடுத்துக்கொள்ளும். மேற்படி பதிவிலேயே `EVICT` என்ற வரியில் உங்கள் கையசைப்பு ஆப் வெளியேற்றப்பட்டது தெரிகிறது. கேமராவை மூடியதும் அது திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது. கேமரா வேலை செய்து டார்ச் மட்டும் செத்த புதிருக்கு இதுதான் விடை. அந்த வசதியை செட்டிங்ஸில் அணைத்தேன். டார்ச் அன்றிலிருந்து தகராறு செய்யவில்லை.

சேஃப் மோட் சோதனை ஏன் பொய்த்தது என்பதும் இதில் விளங்கும். சேஃப் மோட் நாம் டவுன்லோட் செய்த ஆப்களை மட்டுமே நிறுத்தும். போனோடு வந்தவை வழக்கம்போல ஓடும். போதாததற்கு அன்று சார்ஜும் 12 சதவீதம். பேக்டரி ரீசெட் செய்திருந்தாலும் அந்த வசதி ஆன் ஆகித்தான் வந்திருக்கும். ஆக, உங்கள் சொந்த ஆப் குற்றவாளியாக இருந்தால் அதைப் பிடிக்கவே முடியாத ஒரு சோதனைமுறையை உங்கள் சர்வீஸ் சென்டர் வைத்திருக்கிறது, அதன் பில் வாடிக்கையாளருக்கு வருகிறது.

இன்னொன்று. கூகுளின் மூல ஆண்ட்ராய்டில் இந்த நிலையில் டார்ச் பொத்தானுக்குக் கீழே `Camera in use` என்று காட்ட வாசகம் இருக்கிறது. உங்கள் திரை வடிவமைப்பில் அது காணோம். அந்த மூன்று சொல் இருந்திருந்தால் நான் சர்வீஸ் சென்டர் படியே ஏறியிருக்க மாட்டேன்.

நான் கேட்பது: வாங்கிய 300 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். ஜாப் ஷீட்டில் உள்ள "மதர்போர்டு" குறிப்பை நீக்கித் திருத்திய நகல் தர வேண்டும். நாளை இந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் போட்டால் அந்த வரி என் விலையைக் குறைக்கும். கையசைப்பு வசதி முன்னிருப்பாக அணைந்திருக்குமாறும், டார்ச் கேட்கப்படும்போது கேமராவை விட்டுக்கொடுக்குமாறும் அப்டேட் தர வேண்டும். பேட்டரி வரம்பு எத்தனை சதவீதம் என்பதைக் கையேட்டிலும், பொத்தானைத் தட்டும்போது திரையிலும் சொல்ல வேண்டும். டார்ச் புகாரோடு வரும் எந்தப் போனையும் முதலில் போதிய சார்ஜ் ஏற்றி, கேமராவில் பிளாஷ் அடிக்கிறதா என்று பார்த்த பிறகே போர்டைப் பற்றிப் பேசும்படி சர்வீஸ் சென்டர்களுக்கு எழுத்தில் அறிவுறுத்த வேண்டும்.

30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்கீழ் சேவைக் குறைபாடு என்று மாவட்ட ஆணையத்துக்குப் போவேன்.

இணைப்பு: ஜாப் ஷீட், எஸ்டிமேட், ரசீது ஆகியவற்றின் நகல்கள்; 70 சதவீத சார்ஜில் பிளாஷ் அடிக்கும் வீடியோ; மேற்சொன்ன கட்டளையின் வெளியீடு.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்